வேலை போனபின் கல்விக் கடன் தவணையை மாற்றித் தரக் கேட்டு வங்கிக்கு எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வங்கியில் கல்விக் கடன் எடுத்துப் படித்து, வேலைக்குப் போய்த் தவணை கட்டிக்கொண்டிருந்தவர்களில் வேலையை இழந்து ஊர் திரும்பியவர்களுக்கான பக்கம் இது. கணக்குகளுக்கு ஓர் உதாரணத்தையே கடைசிவரை எடுத்துக்கொள்கிறோம். அட்டன் பக்கத் தோட்டம் ஒன்றைச் சேர்ந்த பெண், கொழும்பில் ரூ. 65,000 சம்பளத்தில் 30 மாதம் வேலை செய்தவர். பெப்ரவரி 28இல் வேலை முடிந்துவிட்டது. மார்ச் 5ஆம் திகதித் தவணையைக் கட்டிவிட்டார். கடனில் மீதி ரூ. 780,000, ஆண்டு வட்டி 14%, இன்னும் 48 தவணை, மாதம் ரூ. 21,315.

வேலை போய் ரெண்டு வாரந்தான் ஆகுது. இப்பவே எழுதணுமா, இல்ல வேற வேலை கிடைக்குதான்னு கொஞ்சம் பார்க்கலாமா?

இப்போதே எழுதுங்கள். அடுத்த தவணைத் திகதிக்கு முன் கடிதம் கிளையில் இருக்க வேண்டும்.

காரணம் நாட்கணக்கில் இருக்கிறது. ஏப்ரல் 5 தவணை தவறினால் அன்றிலிருந்து வங்கியின் கணினி நாளை எண்ணத் தொடங்கும். 30 நாள் தாண்டினால் கடன் கண்காணிப்புப் பட்டியலுக்குப் போகும். 90 நாள் தாண்டினால், இந்த உதாரணத்தில் ஜூலை 4க்குப் பிறகு, அது செயற்படாக் கடன். மத்திய வங்கியின் வகைப்படுத்தல் விதி அப்படி. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று நிபந்தனையை மாற்றினால் அது மறுசீரமைப்பு. அந்தப் பக்கம் போனபின் மாற்றினால் மீள் அட்டவணைப்படுத்தல். உங்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம். வங்கிக்கு அப்படியில்லை. செயற்படாக் கடனுக்கு அது கூடுதல் பணத்தை ஒதுக்கி வைக்க வேண்டும், கோப்பு கிளையை விட்டு அறவிடும் பிரிவுக்குப் போய்விடும். அங்கே உங்களை முகம் தெரிந்தவர் யாரும் இல்லை.

கடன் தகவல் பணியகத்தின் பதிவிலும், அதாவது எல்லோரும் 'கிரிப்' என்று சொல்வதிலும், தவறிய நாட்கள் ஏறும். தவறாமல் நின்று கேட்ட மாற்றத்துக்கும் ஆறு மாதம் தவறியபின் கேட்ட மாற்றத்துக்கும் உள்ள வித்தியாசம், பின்னால் லீசிங் எடுக்கப் போகும்போதுதான் தெரியும்.

நேரே போய் மனேஜரிடம் சொன்னா போதாதா? கடிதம் எதுக்கு?

போய்ப் பேசுங்கள், நல்லது. ஆனால் கடன் உத்தியோகத்தர் தன் விருப்பப்படி தவணையைக் குறைக்க முடியாது. அவர் ஒரு பரிந்துரை எழுதி மேலே அனுப்ப வேண்டும். கிளை முகாமையாளரின் அதிகாரத்துக்கு மேற்பட்ட மாற்றமென்றால் அது பிராந்திய அலுவலகம்வரை போகும். பரிந்துரையில் அவர் நிரப்ப வேண்டியவை நான்கு: வருமானம் ஏன் நின்றது, இப்போது என்ன வருகிறது, எவ்வளவு கட்ட முடியும், எந்த மாதத்திலிருந்து பழையபடி கட்ட முடியும். இந்த நான்கையும் உங்கள் கடிதமே சொன்னால் அவர் பார்த்து எழுதுவார். "குடும்பக் கஷ்டம், தயவுசெய்து உதவுங்கள்" என்று மட்டும் இருந்தால் அவருக்கு எழுத ஒன்றும் இல்லை. கோப்பு மேசையிலேயே கிடக்கும். பதில் வராத கடிதங்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்குமென்பது எங்கள் எண்ணம்.

என்னன்னு கேட்கிறது? தவணையைக் குறைக்கவா, கொஞ்ச நாள் நிறுத்தவா?

மூன்று வழி உண்டு. மூன்றுக்கும் விலை வேறு.

முதலாவது, ஆறு மாதத்துக்கு வட்டியை மட்டும் கட்டி, பிறகு பழைய தவணைக்கே திரும்புவது. 780,000க்கு 14% என்றால் மாத வட்டி 9,100. ஆறு மாதத்தில் 54,600. முதல் குறையாததால் அந்த 54,600தான் நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது. மூன்றிலும் மலிவு இதுதான். ஆனால் அக்டோபரில் மறுபடி 21,315 கட்டும் சம்பளம் வேண்டும்.

இரண்டாவது, ஆறு மாதம் வட்டி மட்டும், அதன்பின் மீதியை 48க்குப் பதில் 72 தவணையாக நீட்டுவது. அப்போது தவணை 16,073 ஆகும். மொத்தத்தில் பழைய ஏற்பாட்டைவிட ஏறக்குறைய ரூ. 188,700 கூடப் போகும். இது சின்னத் தொகையில்லை. ஆனால் அடுத்த வேலை 50,000 சம்பளத்தில் கிடைத்தால் 21,315 என்பது அதில் 43%, 16,073 என்பது 32%. உத்தியோகத்தர் பார்ப்பது இந்த விகிதத்தைத்தான்.

மூன்றாவது, ஆறு மாதம் ஒன்றுமே கட்டாமல் இருப்பது. கேட்க இனிப்பாக இருக்கும். அந்த ஆறு மாத வட்டியை முதலோடு சேர்த்துவிட்டால் கடன் 836,200 ஆகிவிடும். அதை 72 தவணையாகக் கட்டினால் மாதம் 17,231. பழைய ஏற்பாட்டைவிடக் கூடுதலாகப் போவது சுமார் 217,500. கையில் ஒன்றுமே இல்லாதவருக்கு வேறு வழியில்லை, உண்மை. வட்டி அளவுக்காவது வரும்படி இருக்கிறவர் இதைக் கேட்க வேண்டாம். மாதாமாதம் ஏதோ வந்துகொண்டிருக்கும் கணக்கை வங்கி பார்க்கும் கண்ணே வேறு.

கடிதத்தில் ஒன்றை முதன்மையாகக் கேட்டு, அது முடியாவிட்டால் இன்னொன்று என்று ஒரே வரியில் சேர்த்துவிடுங்கள். கேட்டுக்கொண்ட காலம் அந்தக் கடன் வகைக்கு வங்கி வைத்திருக்கும் உச்சக் காலத்தைத் தாண்டினால் முழுக் கடிதமும் திரும்பி வரும். இரண்டாவது தெரிவு இருந்தால் அதை எடுத்துக்கொள்ளலாம்.

வேலையே இல்ல. வட்டிய மட்டும்னாலும் எதில கட்டுறது?

இங்கேதான் பலரும் மறந்துவிடும் பணம் ஒன்று இருக்கிறது: ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம், நாம் 'ஈ.டி.எஃப்.' என்பது. உங்கள் சம்பளத்தில் பிடிக்காமல், முதலாளி தன் பக்கத்திலிருந்து மாதம் 3% கட்டுவது. வேலை விட்டதும் அதை எடுக்கலாம், ஐந்து வருடத்துக்கு ஒரு முறை. 65,000க்கு 3% என்றால் 1,950. முப்பது மாதத்துக்கு 58,500, அதன்மேல் வட்டி. ஆறு மாதக் கடன் வட்டியான 54,600ஐ அது மூடிவிடுகிறது.

சேமலாப நிதியத்தை, அதாவது ஈ.பி.எஃப்.ஐ, இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். உங்கள் 8%, முதலாளியின் 12% என்று அதில் நிறைய இருந்தாலும், பெண்களுக்கு 50, ஆண்களுக்கு 55 வயதுக்கு முன் வேலை போனதற்காக மட்டும் அதை எடுக்க முடியாது. "ஈ.பி.எஃப். எடுத்துக் கடனை அடைப்பேன்" என்று எழுதினால் உத்தியோகத்தருக்கு அது நடக்காதது என்று தெரியும். உங்கள் மற்றக் கணக்கையும் அவர் நம்பமாட்டார்.

எங்கள் உதாரணப் பெண் ஊரில் பிள்ளைகளுக்கு டியூஷன் கொடுத்து மாதம் 16,000 எடுக்கிறார். வீட்டுக்கு 10,000, பஸ்ஸுக்கும் போனுக்கும் 3,500. மிஞ்சுவது 2,500. மாத வட்டிக்குக் குறையும் 6,600ஐ ஈ.டி.எஃப். பணத்திலிருந்து போட்டால் ஆறு மாதத்துக்கு 39,600 போகும். இன்னும் 18,900 கையிருப்பு. வேலை கிடைக்க எட்டு மாதமானாலும் சமாளிக்கலாம். இந்த நான்கு வரி கடிதத்தில் இருந்தால் போதும்.

இரண்டு எச்சரிக்கை. ஈ.டி.எஃப். பணம் கைக்கு வரச் சில வாரமாவது ஆகும். முதலாளி பங்களிப்பை ஒழுங்காகக் கட்டியிராவிட்டால் இன்னும் இழுக்கும். அதனால் கடைசிச் சம்பளத்தில் முதல் இரண்டு மாத வட்டியை, 18,200ஐ, தொடாமல் வையுங்கள். அடுத்தது, கடன் கொடுத்த அதே வங்கியின் சேமிப்புக் கணக்குக்குப் பணம் வரும்போது தவணை நிலுவையில் இருந்தால், ஒப்பந்தப்படி வங்கி அதை நிலுவைக்கு ஒரேயடியாக எடுத்துக்கொள்ளலாம். ஆறு மாதத்துக்குப் பிரித்து வைத்த பணம் ஒரு நாளில் போய்விடும். தவணை தவறும் முன்பே எழுதச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

கடிதம் எப்படி இருக்கணும்? ஒரு மாதிரி காட்டுங்களேன்.

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம்.

> மார்ச் 10
>
> முகாமையாளர்,
> (வங்கி, கிளை)
> கவனத்திற்கு: கடன் பிரிவு
>
> ஐயா / அம்மணி,
>
> கல்விக் கடன் இல. ……… : தவணை மறுசீரமைப்புக்கான விண்ணப்பம்
> தேசிய அடையாள அட்டை இல. ………
>
> மேற்படி கடனின் மார்ச் 5ஆம் திகதிவரையான தவணைகள் அனைத்தையும் செலுத்தியுள்ளேன். மீதி ரூ. 780,000, மாதத் தவணை ரூ. 21,315, எஞ்சியவை 48.
>
> நான் பணியாற்றிய நிறுவனம் ஆட்குறைப்புச் செய்ததால் எனது வேலை பெப்ரவரி 28 அன்று முடிவுற்றது. அக்கடிதம் இணைப்பு 1.
>
> தற்போது பிரத்தியேக வகுப்பு மூலம் மாதம் ரூ. 16,000 பெறுகிறேன். செலவு ரூ. 13,500. மீதி ரூ. 2,500ஐயும் ஈ.டி.எஃப். மூலம் கிடைக்கவுள்ள சுமார் ரூ. 58,500ஐயும் கொண்டு மாத வட்டியைச் செலுத்த முடியும்.
>
> ஆகவே, (அ) ஏப்ரல் 5 முதல் செப்டெம்பர் 5 வரை ஆறு மாதங்களுக்கு வட்டியை மட்டும் (மாதம் ரூ. 9,100) செலுத்தவும், (ஆ) அக்டோபர் 5 முதல் மீதியை 72 தவணைகளில் செலுத்தவும் அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். 72 தவணை இயலாதெனில் (அ) மட்டும் அனுமதித்து, தவணைக் காலத்தைச் செப்டெம்பரில் மீளப் பரிசீலிக்குமாறு வேண்டுகிறேன்.
>
> அதற்கு முன் வேலை கிடைத்தால் 14 நாட்களுக்குள் அறிவிப்பேன். பிணையாளர் இருவரும் இதற்குச் சம்மதம் தெரிவித்துள்ளனர் (இணைப்பு 4, 5).
>
> இக்கடிதத்துக்கு எழுத்து மூலப் பதிலை எதிர்பார்க்கிறேன்.
>
> இங்ஙனம்,
> (கையொப்பம், பெயர், கைபேசி, மின்னஞ்சல், தபால் முகவரி)

தேவைப்பட்டால் மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் "எழுத்து மூலப் பதில்" என்ற வரியை எடுக்காதீர்கள். தொகைகளை வங்கி அறிக்கையில் இருக்கும்படியே எழுதுங்கள், ஞாபகத்திலிருந்து வேண்டாம். மீதித் தொகை ஓராயிரம் பிசகினாலே கடிதம் விளக்கம் கேட்டுத் திரும்பும்.

என்னென்ன இணைக்கணும்? கம்பனி வேலைநீக்கக் கடிதம் தரமாட்டேங்குது.

வேலை முடிந்ததற்கான கடிதம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சிட்டை, மூன்று மாத வங்கிக் கூற்று, பிணையாளர்களின் சம்மதக் கடிதங்கள். இப்போதைய வருமானத்துக்குச் சிட்டை இல்லாதவர்கள் கிராம உத்தியோகத்தரிடம் வருமானச் சான்று பெற்று, பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வாங்க வேண்டும். பிரதேச செயலகத்தில் பொதுமக்கள் நாள் எதுவென்று கேட்டுவிட்டுப் போங்கள், இல்லையென்றால் ஒரு நாள் பஸ் காசு வீண்.

கம்பனி கடிதத்தில் ஒரு பொறி இருக்கிறது. சில நிறுவனங்கள் ஆட்குறைப்பை இராஜினாமாவாக எழுதி வாங்கிக்கொள்ளும். வங்கியின் கண்ணில் இராஜினாமா என்றால் நீங்களாக விட்டது. அப்படிக் கையெழுத்துப் போட்டிருந்தால் மறைக்க வேண்டாம். எந்தப் பிரிவை மூடினார்கள், அதைச் சொன்ன மின்னஞ்சல் எது என்று இரண்டு வரியில் விளக்கி அந்த மின்னஞ்சலின் பிரதியை இணையுங்கள். கடிதமே தராவிட்டால், சேவைக் காலத்தை உறுதிப்படுத்தக் கேட்டு நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலும், சம்பளம் நின்றதைக் காட்டும் வங்கிக் கூற்றும் அந்த இடத்தை ஓரளவு நிரப்பும்.

பிணை நிக்கிற மாமாவுக்குத் தெரியாம செய்ய முடியாதா? அவர் ஸ்கூல் மாஸ்டர். தெரிஞ்சா வெட்கம்.

முடியாது. கடனின் நிபந்தனையைப் பிணையாளரின் சம்மதம் இல்லாமல் மாற்றினால், "நான் பிணை நின்றது வேறு ஒப்பந்தத்துக்கு" என்று அவர் பின்னால் சொல்லலாம். அந்த வாய்ப்பை வங்கி வைக்காது. எப்படியும் அவரைக் கூப்பிட்டுக் கையெழுத்துக் கேட்கும்.

நீங்கள் சொல்லாவிட்டாலும் அவருக்குத் தெரியப்போகிறது. தவணை தவறியபின் வங்கியின் கடிதம் பாடசாலை முகவரிக்குப் போனால், அதிபர் மேசையில் வைத்துத் தெரியவரும். அவர் வீட்டுக் கடன் கேட்டுப் போகும் நாளில் அவருடைய கிரிப் அறிக்கையிலும் இந்தக் கடன் நிற்கும். ஆகவே முதலில் மாமாவிடம் போங்கள், கடிதத்தின் பிரதியோடு. "தவணை ஒன்றும் தவறவில்லை மாமா, தவறாம இருக்கத்தான் இதை எழுதுறேன்" என்று காட்டுங்கள். தோட்டத்தில் வேலை செய்யும் பெற்றோரைப் பெரும்பாலும் பிணையாளராக ஏற்பதில்லை. லயன் வீட்டுக்கு உறுதியும் கிடையாது. அதனால்தான் வெளியே ஒருவர் பிணை நின்றார். அவர் விலகிக்கொண்டால் வேறு ஆள் தேடுவது எவ்வளவு சிரமம் என்பது உங்களுக்கே தெரியும்.

தமிழில எழுதலாமா? எங்க கிளையில எல்லாம் சிங்களம்தான்.

எழுதலாம். தமிழ் அரசகரும மொழி. ஆனால் உங்கள் காரியம் விரைவாக நடக்க வேண்டுமென்றால், தமிழ்க் கடிதத்தோடு ஆங்கிலத்திலும் ஒரு பிரதி கொடுங்கள். பரிந்துரை மேலே போகும்போது பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் போகும்; நீங்கள் கொடுத்த வசனத்தையே உத்தியோகத்தர் எடுத்துக்கொள்வார். இரண்டிலும் தொகையும் திகதியும் ஒன்றாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

முகவரி விஷயத்தில் கவனம். தோட்ட முகவரிக்கு வரும் கடிதம் தோட்ட ஆபிஸில் கிடந்து, டிவிசனுக்கு யாராவது போகும்போது வந்து சேரும். பத்து நாளில் பதில் கேட்ட கடிதம் பன்னிரண்டாம் நாள் கைக்கு வந்தால் பயனில்லை. டவுனில் நம்பிக்கையான கடையோ உறவினர் வீடோ இருந்தால் அந்த முகவரியைக் கொடுத்து, கைபேசி இலக்கத்தையும் மின்னஞ்சலையும் கையொப்பத்துக்குக் கீழே எழுதுங்கள்.

அரசாங்கத்தின் வட்டியில்லாக் கடன்ல படிச்சேன். எனக்கும் இதேதானா?

கடிதமும் இணைப்புகளும் இதேதான். கணக்கு வேறு. உங்களுக்கு வட்டி இல்லாததால் "வட்டி மட்டும்" என்ற தெரிவுக்கே இடமில்லை. சலுகைக் காலத்தை நீட்டும்படியோ தவணையைக் குறைக்கும்படியோதான் கேட்கலாம். விதியை வகுத்தது அரசு என்பதால் கிளைக்கு இதில் கை நீளம் குறைவு. அதே கடிதத்தின் பிரதியை உயர்கல்விக்குப் பொறுப்பான அமைச்சின் அந்தத் திட்டப் பிரிவுக்கும் அனுப்புங்கள்.

கொடுத்து மூணு வாரமாச்சு. ஒரு சத்தமும் இல்ல.

கொடுத்தபோது உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்கினீர்களா? இல்லையென்றால் அதே கடிதத்தை இன்று பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். இதற்கிடையில் பதில் வரவில்லை என்று தவணையைச் சும்மா விடாதீர்கள். ஏப்ரல் 5 வந்தால் 9,100ஐயாவது கட்டி, சீட்டில் கடன் இலக்கத்தை எழுதுங்கள். தவணையின் மீதி நிலுவையாக நிற்கும், நாளும் எண்ணப்படும். ஆனாலும் கேட்டதையே செய்கிறீர்கள் என்பதற்குச் சான்று அது.

அடுத்த படி, கிளை முகாமையாளருக்கு ஒரு நினைவூட்டல். பிறகு வங்கியின் தலைமை அலுவலக முறைப்பாட்டுப் பிரிவு. அங்கும் பதிலில்லையென்றால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம், தொலைபேசி 1935. அல்லது நிதி ஒம்புட்ஸ்மன். இரண்டு இடத்திலும் முதல் கேள்வி "வங்கியிடம் எழுத்தில் முறைப்பட்டீர்களா?" என்பதுதான். முத்திரையுள்ள பிரதி அங்கேதான் வேலை செய்யும். தவணையைக் குறைத்தே ஆகவேண்டும் என்று அவர்கள் வங்கிக்குக் கட்டளையிடுவார்கள் என எதிர்பார்க்க வேண்டாம். பதில் சொல்ல வைப்பார்கள். பெரும்பாலும் தேவையானதும் அதுதான்.

சரின்னு சொல்லிட்டாங்க. கையெழுத்துப் போட வரச் சொல்றாங்க. எதைப் பார்க்கணும்?

புதிய ஒப்பந்தத்தின் முதல் தொகையைப் பாருங்கள். 780,000 என்று இருக்க வேண்டும். கூட இருந்தால் எது சேர்ந்தது என்று கேளுங்கள். தவறிய நாட்களுக்கான தண்ட வட்டியாகவோ ஆவணக் கட்டணமாகவோ இருக்கும். தண்ட வட்டியைத் தள்ளுபடி செய்யும்படி கேட்க இதுதான் நேரம், கையெழுத்துக்குப் பிறகு யாரும் காதில் வாங்கமாட்டார்கள். அடுத்து வட்டி வீதம். பழைய ஒப்பந்தத்தில் 14% நிலையாக இருந்து புதியதில் மாறும் வட்டியென்று எழுதியிருந்தால் இங்கே போட்ட கணக்கு எதுவும் நிற்காது. இடையில் வேலை கிடைத்து முன்கூட்டியே கட்டினால் அபராதம் உண்டா என்பதையும் கேளுங்கள்.

கடைசியாக, தானாகப் பணம் எடுக்கும் நிலையான கட்டளை. ஒப்பந்தம் மாறியும் அந்தக் கட்டளையைத் திருத்த மறந்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது. 5ஆம் திகதி கணினி பழைய 21,315ஐத் தேடும், கணக்கில் 9,100தான் இருக்கும், கட்டளை திரும்பும், அதற்கும் கட்டணம் விழும். கையெழுத்துப் போடும் அதே மேசையில் பழைய கட்டளையை நிறுத்தி, 9,100க்குப் புதியதை எழுதிக் கொடுத்துவிட்டு எழும்புங்கள். செப்டெம்பர் கடைசியில் 16,073க்கு இன்னொன்று எழுதவும் மறக்க வேண்டாம்.